பின்சீட்டில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள்

கேள்வி: எனக்கு 28 வயது. நாயுடுபுரத்தில் ஒரு நர்சரியில் வேலை. அவள் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் டீச்சர். ரெண்டு பேருக்கும் வீடு பெருமாள்மலைப் பக்கம். ஆறு வருட நட்பு. ரெண்டு வருஷமா காலையில் என் பைக்கில்தான் வேலைக்கு வருகிறாள். கொஞ்ச நாளாக எனக்கு இது நட்பு மட்டும் இல்லை. வர்ற ஞாயிறு ரெண்டு பேரும் மன்னவனூர் போகிறோம். ஏரிக்கரையில் வைத்துச் சொல்லிடலாம்னு இருக்கேன். அவளுக்கு இஷ்டம் இல்லைன்னா தயங்காமல் இல்லைன்னு சொல்லணும், அதான் என் கவலை. எப்படிச் சொல்வது?

பதில்:

மன்னவனூரில் சொல்லாதீர்கள், தம்பி. அழகான இடம்தான். ஆனால் அங்கே அவர் "இல்லை" என்று சொல்லிவிட்டால் அடுத்த இரண்டு மணி நேரம் எப்படிப் போகும் என்று யோசித்தீர்களா? கொடைக்கானலுக்கே 35 கிலோமீட்டர் வர வேண்டும், அதைத் தாண்டிப் பெருமாள்மலை. அத்தனை தூரமும் அவர் உங்கள் பைக்கின் பின்சீட்டில், உங்கள் தோளைப் பிடிப்பதா கம்பியைப் பிடிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்து வர வேண்டும். பூம்பாறை தாண்டி மேகம் இறங்கி ரோடு மறைந்தால் வண்டியை ஓரங்கட்டுவீர்கள். பேச ஒன்றுமில்லாமல் இரண்டு பேரும் அந்த மூட்டத்துக்குள் நிற்க வேண்டும். நீங்கள் வாயைத் திறந்த நொடியிலேயே இவ்வளவும் அவர் மனதில் ஓடிவிடும். அதனால் அவர் "இல்லை" என்று சொல்லமாட்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்பார். நீங்கள் அதைப் பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உற்சாகமாக வண்டியைக் கிளப்புவீர்கள்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. கல்லூரி முடித்த வருடம், என் நெருங்கிய நண்பர் ஒருவர் கொடைக்கானல் ஏரியில் மிதிபடகில் வைத்து என்னிடம் சொன்னார். இரண்டு பேர் மிதிக்கிற படகு. ஏரி நடுவில் மிதிப்பதை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். நல்ல மனிதர், தப்பாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் கரைக்குப் போக வேண்டுமென்றால் நானும் அவரோடு சேர்ந்து மிதிக்க வேண்டும். மறுத்துவிட்டு, முழங்கால் இடிக்கிற அந்தப் படகில், அவரோடு ஒரே தாளத்தில் கால் போட்டு வர எனக்கு முடியாது என்று தோன்றியது. "கொஞ்சம் டைம் குடு" என்றேன். கரையில் இறங்கும்போதே எனக்குப் பதில் தெரியும். அவருக்குத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் அவர் ஏமாந்தார், நான் ஒளிந்தேன். நட்பு போனது அவர் சொன்னதால் இல்லை, அந்த மூன்று மாதத்தால்.

அதற்கப்புறம் விடுதி மாணவர்களுக்கு ஆலோசகராகப் பல வருடம் வேலை பார்த்தேன். காதலைச் சொன்னவர்களும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், சொல்லக் கேட்டவர்களும் வந்திருக்கிறார்கள். சொன்னவர்களில் பெரும்பாலானோர் உங்களை மாதிரியே ஒன்றை மனதார நம்பினார்கள்: "பிடிக்கலைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போகட்டும், அதுல என்ன கஷ்டம்?" கேட்டவர்களுக்குத்தான் அதிலுள்ள கஷ்டம் தெரியும். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெனெஸ்ஸா போன்ஸ், லாரன் டிவின்சென்ட் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. மறுக்க வேண்டிய நிலையில் இருப்பவர் எவ்வளவு சங்கடப்படுகிறார் என்பதை, கேட்கிறவர் குறைத்தே மதிப்பிடுகிறார். கெட்ட எண்ணத்தால் வருவதில்லை இது. கேட்கிறவருக்குத் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதே பெரிதாகக் கேட்கிறது, எதிரில் இருப்பவர் என்ன இழக்கப் போகிறார் என்பது கண்ணில் படுவதில்லை.

ஆகவே எந்த வார்த்தையில் சொல்வது என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மறுத்தால் உங்கள் தோழிக்கு என்னவெல்லாம் போகும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். உங்கள் விஷயத்தில் பெரிய கணக்கு அந்தக் காலை நேர லிஃப்ட். இரண்டு வருடமாக அவருடைய காலை உங்கள் வண்டியைச் சுற்றித்தான் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மறுத்தால் திங்கட்கிழமை காலை என்ன செய்வது? உங்களோடு வருவதா? வந்தால் ஆசை காட்டுவதாக நினைப்பீர்களோ என்று பயம். பஸ்ஸில் போவதா? போனால் கோபம் என்று எடுத்துக்கொள்வீர்களோ என்று பயம். வீட்டில் வேறு, "ஏன் இன்னிக்கு அந்தத் தம்பி வரலை?" என்று கேட்பார்கள். அவர் மறுக்க வேண்டியது உங்களை மட்டும் இல்லை, இத்தனையையும்.

நல்லவேளை, உங்கள் ஊரில் இதற்கு வழி இருக்கிறது. பழனி ரோடும் வத்தலக்குண்டு ரோடும் பெருமாள்மலையில்தான் சேர்கின்றன. இரண்டு பக்கத்துப் பஸ்ஸும் அந்த வழியாகத்தான் மேலே வரும். நீங்கள் இல்லாவிட்டாலும் அவர் வேலைக்குப் போய்விடலாம். ஆனால் அதை நீங்களே வாய்விட்டுச் சொல்லி, அவர் விளக்கம் தர வேண்டிய அவசியமே இல்லாமல் செய்ய வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன். (கவுஞ்சி, பூண்டி மாதிரி பஸ் எண்ணி வருகிற ஊராக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். ஒருவருடைய போக்குவரத்தே உங்கள் கையில் இருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. முதலில் அவருக்கு வேறு வழி அமைய வேண்டும்.)

அடுத்த கணக்கு, ஊர். உங்கள் நண்பர்கள் யாரிடமாவது இதைச் சொல்லிவிட்டீர்களா? சொல்லவில்லையென்றால் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டீர்கள் என்றால் அவர்களை இதிலிருந்து விலகச் சொல்லுங்கள். கொடைக்கானல் சுற்றுலாக்காரர்களுக்குத்தான் பெரிய ஊர், நமக்கு நாலு தெரு. மூஞ்சிக்கல் டீக்கடையில் காலையில் விழுந்த பேச்சு சாயங்காலம் செண்பகனூர் போய்விடும். நாலு பேருக்குத் தெரிந்த பிறகு அவர் மறுத்தால், அந்த நாலு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். தோழியின் தோழியைத் தூது விடுவதும் அப்படித்தான்.

சரி, எப்போது, எங்கே? ஒரு சனிக்கிழமை மதியத்துக்கு மேல், வெளிச்சம் இருக்கும்போது. மறுநாள் விடுமுறை, முகம் பார்க்க வேண்டியதில்லை. அவர் எப்படியும் ஊருக்குள் வருகிற நாளாக இருக்கட்டும், இதற்கென்று வரவழைக்காதீர்கள். அன்று உங்கள் வண்டியில் அவர் வந்திருக்கக் கூடாது. ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிற பக்கம் மாதிரி, ஆட்கள் கண்ணில் படுகிற, ஆனால் பேச்சு யார் காதிலும் விழாத இடம் போதும். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு அவரே நடந்து போய்விடலாம். ஏரியைச் சுற்றி நடந்துகொண்டே பேசலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது ஐந்து கிலோமீட்டர். பாதியில் சொன்னால் மீதி இரண்டரை கிலோமீட்டர் சேர்ந்து நடக்க வேண்டும், என் படகு மாதிரிதான் அதுவும். டால்பின் நோஸும் அதே ரகம். இறங்கிவிட்டால் ஏறித்தான் ஆக வேண்டும்.

வழக்கம்போலப் பேசிக்கொண்டிருங்கள், டீ குடியுங்கள். கிளம்புகிற நேரம் வரும்போது, கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே சொன்னால் மீதி நேரம் இரண்டு பேருக்கும் பாரம்.

இனி வார்த்தை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் சொல்வேன்:

"ஒரு விஷயம் சொல்லணும். நீ இப்பவே பதில் சொல்லணும்னு இல்லை. கொஞ்ச நாளா உன்மேல எனக்கு இருக்கிறது நட்பு மட்டும் இல்லை. காதல்தான்னு நினைக்கிறேன். உன்கிட்ட மறைச்சு வெச்சுக்கிட்டுப் பழகப் பிடிக்கலை, அதான் சொல்றேன். உனக்கும் அப்படி ஏதாவது இருந்தா சொல்லு, பேசலாம். இல்லைன்னா 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை போதும், காரணம் கேட்கமாட்டேன், மறுபடி இந்தப் பேச்சை எடுக்கமாட்டேன். திங்கட்கிழமை வழக்கம்போல எட்டு மணிக்கு ஜங்ஷன்ல நிப்பேன். வந்தா வா, அதை வேற எதுவாவும் நான் எடுத்துக்கமாட்டேன். பஸ்ல போகணும்னு தோணுச்சுன்னா போ, அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு நான் கிளம்பிடுவேன், ஏன்னு கேட்கமாட்டேன்."

அவ்வளவுதான். நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடம் ஆகாது. இதில் காதல் என்ற வார்த்தை வெளிப்படையாக இருக்கிறதா என்று பாருங்கள். சிலர் எளிதாக்குகிறேன் என்று, "உன்னை ரொம்பப் பிடிக்கும்", "நீ எனக்கு ஸ்பெஷல்" என்று மழுப்புவார்கள். அது எளிதே இல்லை. நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதை அவர் ஊகித்து, ஊகித்ததை மறுக்க வேண்டும். தப்பாக ஊகித்துவிட்டோமோ என்ற வெட்கம் வேறு. கேள்வி தெளிவாக இருந்தால்தான் பதிலும் தெளிவாக வரும்.

இன்னொன்று, இதில் கல்யாணம் இல்லை. நம் ஊரில் காதல் என்றதும் அடுத்த மூச்சில் வீடு, சாதி, ஜாதகம், கல்யாணம் என்று போய்விடும். "உன்னைத்தான் கட்டிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தால், அவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, உங்கள் மொத்த வாழ்க்கையையும் தட்டிவிடுகிறார் என்று ஆகிவிடுகிறது. கல்யாண எண்ணம் இருந்தால் மறைக்க வேண்டாம், அவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஆனால் முதல் கேள்வி சின்னதாக இருக்கட்டும்: உனக்கும் இப்படி ஏதாவது இருக்கிறதா?

சொல்லக் கூடாததில் முக்கியமானது கடன் கணக்கு. "ஆறு வருஷமா உனக்காக", "ரெண்டு வருஷமா தினமும் கூட்டிட்டுப் போறேன்" மாதிரி ஒரு சொல் வந்தாலும், இத்தனை நாள் கொடுத்த லிஃப்டுக்கெல்லாம் பில் நீட்டியது போல ஆகிவிடும். அன்று பரிசு, பூ எதுவும் வேண்டாம். "நீ இல்லைன்னா நான் என்ன ஆவேன்னு தெரியலை" என்பது உண்மையாகவே இருந்தாலும் அவரிடம் சொல்ல வேண்டிய உண்மை இல்லை. "இதனால நம்ம நட்பு மாறவே மாறாது" என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் பக்கத்துக்கு மட்டும்தான் நீங்கள் பொறுப்பேற்க முடியும். அவருக்கு மாறலாம், மாற அவருக்கு உரிமை உண்டு.

வாட்ஸ்அப்பில் சொல்லலாமா என்று பலர் கேட்பார்கள். கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். முகத்தை உடனே சரிப்படுத்திக்கொள்ள முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் நீல டிக் விழுந்ததும் அவருக்குக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும், நீங்களும் அவர் எப்போது ஆன்லைன் வந்தார் என்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். ஆறு வருடம் பழகியவரிடம் நேரில் ஒரு நிமிடம் சொல்லிவிட்டு, பதிலை மட்டும் மெசேஜில் வாங்கிக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. "எதுவா இருந்தாலும் மெசேஜ்ல சொன்னாலும் போதும்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெரும்பாலானோர் சறுக்குகிற இடத்துக்கு வருகிறேன்: பதிலைக் கேட்பது. "இல்லை" என்ற சொல்லிலேயே பதில் வரும் என்று காத்திருக்காதீர்கள். செலியா கிட்சிங்கர், ஹன்னா ஃப்ரித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார்கள். அன்றாடப் பேச்சில் யாரும் எதையும் முகத்தில் அடித்த மாதிரி மறுப்பதில்லை. ஒரு சின்ன இடைவெளி, ஒரு பாராட்டு, ஒரு காரணம், இப்படித்தான் மறுக்கிறோம், கேட்பவருக்கும் அது மறுப்பு என்று நன்றாகவே புரிகிறது. கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்ற வருபவரிடம் "வேண்டாம்" என்றா சொல்கிறோம்? "இப்பத்தான் சாப்பிட்டேன்க்கா, ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று இலையைக் கையால் மறைக்கிறோம். அவர் புரிந்துகொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுகிறார்.

உங்கள் விஷயத்தில் பதில் எந்த உருவத்தில் வரலாம்? "வீட்ல ஒத்துக்கவே மாட்டாங்க." இதைக் கேட்டதும் பையன்கள் உடனே எஞ்சினியர் ஆகிவிடுவார்கள்: "நான் வந்து பேசறேன்", "எங்க பெரியப்பாவை அனுப்பறேன்." நில்லுங்கள். அது தீர்க்க வேண்டிய கணக்காகவும் இருக்கலாம், உங்களை நோகடிக்காமல் சாத்திய கதவாகவும் இருக்கலாம். எது என்று குடைந்து கேட்காதீர்கள். உண்மையிலேயே ஆசை இருந்து வீடுதான் தடை என்றால் அவரே அந்தப் பேச்சைத் தொடர்வார், "எனக்கும் இருக்கு, ஆனா" என்ற அந்த முதல் பாதி எப்படியும் வெளியே வரும். முதல் பாதி வரவில்லையென்றால் மறுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். "நான் அப்படி நினைச்சுப் பார்த்ததே இல்லை", "இப்போதைக்கு எனக்கு வேலைதான்", "நீ நல்ல ஃப்ரெண்டு" எல்லாமே இலையை மறைத்த கைதான். மறுநாள் எதுவுமே நடக்காதது போல வேறு எதையாவது பேசினாலும் அப்படியே.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றால்? "சரி, அவசரம் இல்லை. சொல்லணும்னு தோணலைன்னா சொல்லவும் வேண்டாம், நானே புரிஞ்சுக்கறேன்" என்று ஒரே தடவை சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் போயும் வரவில்லையென்றால் அதுதான் பதில். நினைவூட்டக் கூடாது. நினைவூட்டல் என்பது இரண்டாவது தடவை கேட்பது. எனக்கு அந்தப் படகுக்காரர் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். (மறுப்பு தெளிவான பிறகும் ஒரு பெண்ணைத் தொடர்ந்து தொடர்புகொள்வது சட்டப்படியே குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆவது பிரிவு. உங்களுக்கு இது தேவைப்படாது என்று நம்புகிறேன், படிக்கிற மற்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.)

அவர் மறுத்தால் அந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். "சரி. சொன்னதுக்குத் தேங்க்ஸ். மழை வர்ற மாதிரி இருக்கு, நீ கிளம்பு." குரல் கொஞ்சம் உடையலாம், பரவாயில்லை. "நான் ஒண்ணும் வருத்தப்படலை" என்று சிரித்து நடிக்க வேண்டாம், ஆறு வருடம் பழகியவருக்கு உங்கள் பொய்ச் சிரிப்பு தெரியும். ஆனால் அந்த வருத்தத்துக்கு ஆறுதல் சொல்கிற வேலையை அவருக்குக் கொடுக்கக் கூடாது. அழ வேண்டுமென்றால் அவர் பஸ் கிளம்பிய பிறகு, வேறு ஒருவரிடம். ஊர்க்காரரிடம் வேண்டாம், மதுரையிலோ திருச்சியிலோ இருக்கிற பழைய நண்பருக்கு ஃபோன் போடுங்கள்.

அதற்குப் பிறகான வாரங்களில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கும். ஒன்று, ஒட்டிக்கொண்டே திரிவது. மற்றது, அடியோடு காணாமல் போவது. இரண்டாவது கண்ணியமாகத் தெரியும், ஆனால் அவருக்கு அது என்ன சொல்கிறது தெரியுமா? ஆறு வருட நட்பே இதற்கான தூண்டில்தான் என்று. உங்களுக்கு விலகல் தேவைப்பட்டால், அது இயல்புதான், ஒரு வரியில் சொல்லிவிட்டு விலகுங்கள்: "எனக்குக் கொஞ்ச நாள் வேணும். உன்மேல கோபம் இல்லை, நானே மெசேஜ் பண்றேன்." பிறகு சொன்னபடி ஒரு நாள் பண்ணுங்கள், ஏதாவது சாதாரண விஷயமாக. நர்சரியில் புதிதாக வந்த செடியின் படம் போதும். பதில் வந்தால் வந்தது.

லிஃப்ட் விஷயத்தில் கொடுத்த வாக்கை மட்டும் பிசகாமல் காப்பாற்றுங்கள். திங்கட்கிழமை எட்டு மணிக்கு நில்லுங்கள். எட்டு ஐந்துக்குக் கிளம்புங்கள். ஃபோன் பண்ணாதீர்கள். பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதை வெள்ளி அருவிப் பக்கம் பார்த்தீர்களென்றால், வழக்கமாக எவரைப் பார்த்தாலும் ஆட்டுவது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போங்கள். ஒரு வாரம் தொடர்ந்து வரவில்லையென்றால் அடுத்த வாரம் நிற்க வேண்டாம். அதற்குப் பிறகும் நின்றால், அது லிஃப்ட் இல்லை.

ஒருவேளை அவருக்கும் இருக்கிறது என்றால் இந்தப் பதிலில் பாதி உங்களுக்கு வீண், சந்தோஷம். அன்றைக்கும் அவரைப் பஸ்ஸிலேயே அனுப்பிவையுங்கள். அவரும் கொஞ்சம் தனியாக உட்கார்ந்து யோசிக்கட்டும்.

வர்ற ஞாயிறு மன்னவனூர் போவதை ரத்து செய்ய வேண்டாம், திடீரென்று ரத்து செய்தால் அதற்கும் காரணம் சொல்ல வேண்டிவரும். போங்கள், ஏரியைப் பாருங்கள், வரும் வழியில் பூம்பாறையில் வீட்டுக்குப் பூண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாயை மட்டும் அடுத்த சனிக்கிழமை வரை திறக்காதீர்கள்.